சுண்ணாம்புச் சூளையும் சீமெந்துப் பையும்: தீவகக் கட்டடத் தொழில் பற்றிய ஒரு குறிப்பு

தீவகத்தில் சுண்ணச்சாந்தின் இடத்தைச் சீமெந்து பெற்றமையை, தரமான பொருள் தரங்குறைந்ததை வென்ற கதையாகக் கூறுவது வழக்கம். அவ்விளக்கம் உற்பத்தியின் பக்கத்தைக் காணத் தவறுகின்றது.

நெடுந்தீவின் பழைய கோட்டை முருகைக்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் எழுந்தது. முருகைக்கல்லையோ சுண்ணக்கல்லையோ ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு நீங்கி, 100 பங்கு தூய கல்லிலிருந்து 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். விறகு கொண்டு சிறு சூளையிலேயே இவ்வெப்பத்தை எட்டலாம். நீரூற்றி நீற்றி மணலுடன் குழைத்த சாந்து, இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மீளப்பெற்றே இறுகும். தடித்த சுவரின் உட்புறம் இறுக ஆண்டுகள் செல்லும். சுட்ட சுண்ணாம்பு ஈரம்பட்டாற் கொதித்துப் பொங்குமாதலால் தோணியில் ஏற்றுவது ஆபத்து. எனவே கட்டுமிடத்துக்கு அண்மையில் சுடுவதே வசதி. கல்லும் சூளையும் உழைப்பும் ஓரூரெல்லைக்குள் அமையக்கூடிய தொழில் அது.

1824இல் இங்கிலாந்தின் யோசேப்பு அசுப்டின் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சீமெந்தின் வளர்ச்சியடைந்த வடிவம் வேறானது. சுண்ணக்கல்லுடன் களிமண்ணையும் சேர்த்து, ஏறத்தாழ 1450 பாகையிற் சுட்டுப் பெறும் கட்டியைச் சிறிது ஜிப்சத்துடன் அரைக்கவேண்டும். அத்தூள் நீருடன் வினைபுரிந்து, காற்றை எதிர்பாராது நீருக்கடியிலும் இறுகும். கிணறு, தொட்டி, இறங்குதுறை ஆகியவற்றில் இதன் மேம்பாடு மறுக்கவொண்ணாதது. ஆயின் இவ்வெப்பத்துக்கு ஊர்ச் சூளை போதாது. காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அரச தொழிற்சாலை அருகிலேயே சுண்ணக்கல்லை அகழ்ந்தது. களிமண்ணோ மன்னாரின் முருங்கனிலிருந்து புகைவண்டியில் வந்தது. சுண்ணக்கல்லின் மீது வாழ்ந்த தீவக மக்கள், அதே வகைக் கல்லிலிருந்து செய்த பொருளைப் பையிலடைத்த சரக்காக விலைகொடுத்து வாங்கலாயினர். ஈரம்படாது காத்தால் அப்பை நெடுந்தீவுக்கும் தோணியிற் செல்லும். ஆகவே பொருளின் வலிமை மாத்திரமன்றி, தொலைவில் உற்பத்திசெய்து விற்கப்படக்கூடிய அதன் இயல்பும் சூளையை அணைத்தது எனலாம்.

இம்மாற்றத்தின் எல்லை பழைய சுவர்களிலே புலப்படுகின்றது. முருகைக்கற் சுவரைச் சீமெந்தால் பூசினாலோ, மூட்டுகளை அடைத்தாலோ, உவர்நீரின் ஈரம் சாந்து வழியாக வெளியேறாது கல்லின் வழியே வெளியேறும். அங்கு உப்புப் படிகமாகிக் கல்லை உதிர்க்கும். மூட்டுகள் வரம்புபோல் துருத்தி நிற்க, இடையிலுள்ள கற்கள் குழிந்திருப்பதே இதன் அடையாளம். சுண்ணச்சாந்து கல்லினும் மென்மையானது. ஈரத்தைத் தானே வெளிவிட்டு, தேய்வையும் தானே ஏற்கும். உதிர்ந்த சாந்தை மாற்றலாம், உதிர்ந்த கல்லை மாற்றுவது அரிது.

காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இல் போரினால் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பின்னர் சீமெந்து வெளியிலிருந்தே வரவேண்டியதாயிற்று. தன் கட்டடப்பொருளைத் தானே ஆக்கும் ஆற்றலை இழந்த சமூகம், முன்னோர் கட்டியதைப் பழுதுபார்க்கும் அறிவையும் அதனோடு இழந்துவிடுகின்றது என்பதே இங்கு கருதற்பாலது.