காய்ச்சலில் குழந்தைக்கு திடீர் வலிப்பு... அந்த 5 நிமிடம் என்ன செய்யணும்? எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரி?

குழந்தைக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும். திடீரென கண்கள் மேலே செருகி, கை கால் விறைத்து, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். "ஜன்னி வந்துடுச்சு" என்று வீடே பதறிப்போகும். மருத்துவர்கள் இதைக் காய்ச்சல் வலிப்பு என்கிறார்கள். பார்க்க பயங்கரமாக இருந்தாலும், பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே நின்றுவிடும். மூளையைப் பாதிப்பதும் இல்லை. ஆனால் எது சாதாரணம், எது ஆபத்து என்பதைப் பெற்றோர் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு வரும்? ஏன் வருகிறது?

6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குத்தான் காய்ச்சல் வலிப்பு வரும். 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஒரு முறையாவது வருகிறது. இந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், காய்ச்சலின்போது எளிதில் தூண்டப்பட்டுவிடுகிறது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது சின்ன வயதில் வந்திருந்தால் வாய்ப்பு கூடுதல்.

பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே வலிப்பு வந்துவிடும். சில வீடுகளில் குழந்தைக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியும். அதனால் "மருந்து கொடுக்காம விட்டுட்டோமே" என்று யாரும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

வலிப்பு வந்ததும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

வலிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான் முக்கியமான தகவல். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். எனவே செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லலாம். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

குழந்தையைத் தரையிலோ பாயிலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலோ வாந்தியோ வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக இருக்கும் துணியைத் தளர்த்துங்கள். பக்கத்தில் இடிக்கக்கூடிய பொருட்களை நகர்த்துங்கள்.

5 நிமிடத்துக்குள் வலிப்பு நிற்கவில்லை என்றால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, உதடு நீலமாகவே இருந்தாலோ 5 நிமிடம்கூட காத்திருக்கக் கூடாது. இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தையை டூவீலரில் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆபத்து. வழியில் குழந்தையின் மூச்சுப்பாதை அடைபட்டாலும் தெரியாது.

சாவியைக் கையில் கொடுக்கலாமா?

இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது, வெங்காயத்தை மூக்கில் காட்டுவது இரண்டுமே வலிப்பை நிறுத்தாது. சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் சில நிமிடங்களில் தானாக நிற்பவை. சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் முடிந்திருக்கும்.

நாக்கைக் கடித்துவிடும் என்று ஸ்பூனையோ விரலையோ வாய்க்குள் விடக் கூடாது. பல் உடையலாம், மூச்சு அடைபடலாம். நாக்கில் ஏற்படும் காயம் ஆறிவிடும். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். குழந்தை முழுசாக விழிக்கும் வரை தண்ணீர், பால், சிரப் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது.

மருந்து அளவில் நடக்கும் தவறு

காய்ச்சல் மருந்து குழந்தையின் அசதியையும் வலியையும் குறைக்கும். வலிப்பு வராமல் அது தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் அளவு கூடிப்போகிறது.

பாரசிட்டமால் அளவை வயதை வைத்துச் சொல்வதைவிட எடையை வைத்துக் கணக்கிடுவதே சரி. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். 10 கிலோ எடையுள்ள ஒன்றரை வயது குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். பாட்டிலில் "5 மி.லி.யில் 125 மி.கி" என்று இருந்தால் 6 மி.லி. கொடுக்க வேண்டும். "5 மி.லி.யில் 250 மி.கி" என்று இருந்தால் 3 மி.லி. போதும். "1 மி.லி.யில் 100 மி.கி" டிராப்ஸ் என்றால் வெறும் ஒன்றரை மி.லி.தான்.

சிரப்புக்குச் சொன்ன 6 மி.லி.யை டிராப்ஸில் கொடுத்துவிட்டால் 600 மில்லிகிராம் ஆகிவிடும். அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்க அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடுகிறது. புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளைப் படிப்பது இதற்காகத்தான். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது.

எந்த அறிகுறி வந்தால் உடனே போகணும்?

முதல் முறை வலிப்பு வந்தால், அது ஒரு நிமிடத்தில் நின்றிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளைக்காய்ச்சலிலும் வலிப்பு வரும் என்பதால் அது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம் என்பதால் வீட்டில் பார்த்து முடிவு செய்ய முடியாது.

சாதாரண வலிப்புக்குப் பிறகு குழந்தை கொஞ்ச நேரம் தூங்கும். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து அம்மாவை அடையாளம் கண்டு, பழையபடி ஆகிவிடும். அப்படி ஆகாவிட்டால் தாமதிக்கக் கூடாது. கீழே உள்ளவையும் அவசர அறிகுறிகளே:

• வலிப்பு உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வருவது, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வருவது
• காய்ச்சல் தொடங்கிச் சில நாள் கழித்து வலிப்பு வருவது
• கழுத்து விறைப்பு, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்திருப்பது
• கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்
• வேகமாக மூச்சு விடுவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போவது
• எதையும் குடிக்காமல் இருப்பது, குடித்ததெல்லாம் வாந்தி எடுப்பது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது

3 மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்கு பரவும் மாதங்களில் இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, தொடர் வாந்தி, கை கால் சில்லிட்டுப்போவது இருந்தால் அதை "குணமாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுபடி வருமா?

ஒரு முறை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு அடுத்த காய்ச்சலிலோ அதற்கடுத்த காய்ச்சலிலோ மறுபடி வரலாம். முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் வலிப்பு நோய் வருவதில்லை. நீண்ட நேரம் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு, வீட்டிலேயே மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுப்பதுண்டு. அதை எப்போது, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும்.