மூலிகையின் பெயரால் ஒரு நஞ்சு



கடைகளில் பளபளக்கும் சிறு பொட்டலமாக விற்கப்பட்ட ஒரு பொருளின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதன் மேலுறையில் 'மூலிகை நறும்புகை' என்று எழுதியிருக்கும். அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில், 'மனிதர் உட்கொள்ளத் தக்கதன்று' என்றும் இருக்கும். ஆனால் வாங்கியவர்கள் அதை அறையில் புகைக்க வைத்து மணத்தை நுகரவில்லை, சுருட்டிப் புகைத்தார்கள். கஞ்சாவைப் போன்றதுதான், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டது என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணத்தின் முற்பகுதியே தவறு. ஏன் என்பதை அறிய, நாம் 1964ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி என்னும் இருவர், கஞ்சாச் செடியில் மயக்கத்தை உண்டாக்கும் முதன்மையான பொருளைத் தனியே பிரித்து, அதன் அமைப்பையும் கண்டறிந்தனர். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி டி.எச்.சி. என்பர். பொருள் தெரிந்துவிட்டது, ஆனால் அது மூளையில் எங்கே சென்று பற்றுகிறது என்பது கால் நூற்றாண்டு வரை தெரியவில்லை. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட் என்னும் அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில், நரம்பணுக்களின் மேற்பரப்பில் டி.எச்.சி. சென்று பொருந்தும் ஏற்பிகள் இருப்பது உறுதியாயிற்று. பூட்டும் திறவுகோலும் போன்ற உறவு இது. மனித மூளையில் கஞ்சாவுக்கென்று ஒரு பூட்டு இருக்கக் காரணம் என்ன? அப்பூட்டுக்கு உடல் தானே செய்துகொள்ளும் திறவுகோல் ஒன்று உண்டு. 1992இல் அதைக் கண்டுபிடித்த மெக்கூலத்தின் குழுவினர், 'ஆனந்தம்' என்னும் வடசொல்லிலிருந்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் சூட்டினர்.

பூட்டின் அமைப்பை ஆராய்வதற்குப் பலவகைத் திறவுகோல்கள் வேண்டும். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் ஜான் ஹஃப்மன் என்பவர் இப்பணியில் ஈடுபட்டு, நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களை ஆக்கினார். அவற்றுள் ஒன்று, அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜே.டபிள்யூ.எச்-018. இதன் அமைப்பு டி.எச்.சி.யை ஒத்ததே அன்று. எனினும் அதே பூட்டில் அதைவிட இறுக்கமாகப் பொருந்தியது. இவையெல்லாம் ஆராய்ச்சிக்காகவே ஆக்கப்பட்டவை. மனிதருக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்து, எவ்வளவு தாங்கும், எவ்வளவு தாங்காது என்று அப்போது எவரும் ஆராய்ந்திருக்கவில்லை. முடிவுகள் அறிவியல் இதழ்களில் வெளியாயின. அவ்விதழ்களை நல்லோர் மட்டுமா படிப்பர்?

2000ஆம் ஆண்டுக்குப் பின் ஐரோப்பாவில் 'ஸ்பைஸ்' என்னும் பெயரில் மூலிகைப் பொட்டலங்கள் பரவத் தொடங்கின. உறையில் பற்பல மூலிகைகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. புகைத்தவர்கள் மயங்கினார்கள், ஆனால் அம்மூலிகைகளில் அத்தகைய ஆற்றல் இல்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆய்வாளர்கள் இப்புதிரை விடுவித்தனர். இலைகளின் மீது தெளிக்கப்பட்டிருந்தது ஜே.டபிள்யூ.எச்-018 போன்ற செயற்கைச் சேர்மம். மூலிகை வெறும் சுமைதாங்கி!

இயற்கைக் கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. குறிப்பாக உங்கள் வயதில், வளரும் மூளைக்கு அது கேடு செய்யும். எனினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவது அன்று. டி.எச்.சி. அந்தப் பூட்டை அரைகுறையாகவே திருப்பும் திறவுகோல். எத்தனை டி.எச்.சி. மூலக்கூறுகள் வந்து பொருந்தினாலும், அந்த ஏற்பியின் வேலை ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. செயற்கைச் சேர்மங்களுள் பெரும்பாலானவை பூட்டை முற்றிலும் திருப்பிவிடுபவை. அந்த எல்லை அவற்றுக்கு இல்லை. மேலும், கஞ்சாச் செடியில் கன்னபிடயால் முதலிய வேறு பொருள்களும் உண்டு. செயற்கைப் பொட்டலத்தில் அத்தகைய துணைப் பொருள் எதுவும் இல்லை. ஆகவேதான் இதைப் புகைத்தவர்களிடம் வலிப்பு, கடும் வாந்தி, இதயப் படபடப்பு, சிறுநீரகக் கேடு, சித்தக் கலக்கம் ஆகியவை கஞ்சாவில் காண்பதைவிட மிகுதியாகக் காணப்பட்டன.

இனி, அளவைப் பாருங்கள். பொரியில் காரப்பொடியைக் கையால் தூவினால் ஒரு பிடி சப்பென்றிருக்கும். மறு பிடி நாக்கை எரிக்கும். இப்பொட்டலங்களின் நிலையும் அதுவே. கரைத்த மருந்தை இலைகளின் மேல் தெளித்து உலர்த்துகையில், அது ஓரிடத்தில் திரண்டும் மற்றோரிடத்தில் இல்லாமலும் போகிறது. ஒரே பொட்டலத்தின் மேற்பகுதியைப் புகைத்தவனுக்கு ஒன்றும் நேராதிருக்கலாம். அடிப்பகுதியைப் புகைத்தவன் மருத்துவமனைக்குச் செல்லலாம்.

மூன்றாவது காரணத்தை வரலாறே தருகிறது. ஜெர்மனி 2009ஆம் ஆண்டு ஜனவரியிலும், அமெரிக்கா 2011ஆம் ஆண்டு மார்ச்சிலும் முதலில் அறியப்பட்ட சேர்மங்களைத் தடை செய்தன. வணிகர்கள் அமைப்பில் ஒரு மூலையைச் சிறிது மாற்றினார்கள். சட்டத்தின் பட்டியலில் இல்லாத புதுச் சேர்மம் பிறந்தது. அதுவும் தடை செய்யப்பட்டால் இன்னொன்று. உறையின் படமும் பெயரும் மாறுவதில்லை. உள்ளிருக்கும் பொருள் மட்டும் மாறிவிடும். சென்ற மாதம் பழகிய பொட்டலம் என்று நம்பி வாங்கியவனுக்கு, இம்மாதம் கிடைப்பது முற்றிலும் வேறொரு மருந்து.

இதன் விளைவை நியூயார்க் நகரம் 2016ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் கண்டது. புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் வெறித்த பார்வையுடன், மெல்ல முனகிக்கொண்டு, நடைப்பிணங்களைப் போலத் தெருவில் தள்ளாடினர். அவர்களுள் 18 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எட்டுப் பேரின் இரத்தம் முதலியவற்றையும், அவர்கள் புகைத்த பொட்டலத்தையும் ஆய்வாளர்கள் சோதித்தனர். பொட்டலத்தில் இருந்தது ஏ.எம்.பி-ஃபுபினாகா என்னும் சேர்மம். ஒரு கிராம் இலையில் சராசரியாக 16 மில்லிகிராம். இது சிறிய அளவுதானே என்று தோன்றும். ஆனால் ஆய்வுக்கூடச் சோதனையில் இதன் வீரியம் டி.எச்.சி.யைப் போல் 85 மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16ஐ 85ஆல் பெருக்கினால் 1,360. நூற்றுக்குப் பத்துப் பங்கு டி.எச்.சி. கொண்ட கஞ்சாவிலும் ஒரு கிராமில் இருப்பது 100 மில்லிகிராமே. ஆய்வுக்கூட மடங்கை உடலுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இக்கணக்குப் போதும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அந்த எட்டுப் பேரின் இரத்தத்தில் மூலப் பொருளே அகப்படவில்லை. உடல் அதைச் சிதைத்தபின் எஞ்சிய கூறு மட்டுமே கிடைத்தது. எதைத் தேடுவது என்று முன்கூட்டியே அறிந்தவரே அதைக் காண முடியும். கஞ்சாவுக்காகச் செய்யும் வழக்கமான சிறுநீர்ச் சோதனை டி.எச்.சி.யின் கூறுகளைத் தேடுவதாதலால், இவற்றைக் காட்டாது. ஆகவே, மயங்கிக் கிடப்பவனின் அருகில் நிற்கும் மருத்துவர், உள்ளே சென்றது எது என்று அறியாமலே, வலிப்பை அடக்கியும் மூச்சைக் காத்தும் சிகிச்சை செய்ய வேண்டியவராகிறார். அந்நிலையில் நண்பன் ஒருவன் எடுத்துவந்து கொடுக்கும் காலிப் பொட்டலமும், அவன் மறைக்காமல் சொல்லும் உண்மையும் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

ஒரு செடியைப் பற்றிக் கேட்ட நேர்மையான கேள்வியிலிருந்து இவ்வளவும் பிறந்தன. ஆய்வாளர்கள் தம் சேர்மத்துக்குப் பெயரும் எண்ணும் இட்டு, இன்னதென்று உலகறியச் சொன்னார்கள். வணிகர்கள் அந்தப் பெயரை அழித்துவிட்டு, 'மூலிகை' என்று எழுதினார்கள்.