ஸ்பாஞ்ச் கேக்குக்குப் பாகு பூசுதல்

ஸ்பாஞ்ச் கேக்கை அடுக்குகளாக அறுத்து, கிரீம் வைப்பதற்கு முன் ஒவ்வோர் அடுக்கின் மீதும் நீர்த்த சர்க்கரைப் பாகைப் பிரஷ்ஷால் ஒற்றி ஊற விடுவது பேக்கரித் தொழிலின் பழைய முறைகளில் ஒன்று. அறுத்த அன்று கேக் மெத்தென்று இருப்பதோடு, மூன்று நான்கு நாள் வரை அது வறண்டு உதிராமல் இருக்கவும் இது உதவுகிறது. எல்லாக் கேக்குக்கும் இது வேண்டியதில்லை. வெண்ணெய் நிறையச் சேர்த்த பவுண்ட் கேக்கும் எண்ணெய் ஊற்றிச் செய்யும் சிஃபான் கேக்கும் கொழுப்பினாலேயே மென்மை பெற்றவை. அவற்றின் மேல் பாகு பூசினால் பல்லில் ஒட்டும் களிம்புதான் மிஞ்சும். பாகு ஏற்பது முட்டையை அடித்த நுரையால் மட்டுமே எழும்பும், கொழுப்பு குறைந்த ஸ்பாஞ்ச். பிரெஞ்சுக்காரர்களின் ஜெனுவாஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாகு இல்லாமல் உண்பதை நினைத்து அது செய்யப்படுவதே இல்லை எனலாம்.

ஜெனுவாஸ் ஏன் வறள்கிறது

ஜெனுவாஸில் முழு முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சற்றுச் சூடாக்கி, நாடாவாக விழும் பதம் வரை அடிப்பார்கள். பிறகு சலித்த மைதாவைக் கலந்து, கடைசியில் சிறிது உருக்கிய வெண்ணெயைச் சேர்ப்பார்கள். வெந்து வந்த கேக்கின் உட்பகுதி முழுவதும் ஒன்றோடொன்று இணைந்த நுண்ணிய துளைகள். காற்று சுலபமாகப் போய்வருவதால் ஈரமும் சுலபமாக வெளியேறுகிறது.

ஆனால் ஈரம் போவது மட்டுமே காரணம் என்று எண்ணுவது தவறு. பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பத்தீஸ்த் பூசிங்கோ 1852இல் ரொட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்துப் பார்த்தார். எடை குறையாமலேயே ரொட்டி கெட்டிப்பட்டது, மறுபடி சூடாக்கியதும் இளகியது. வேகும்போது நீரை உறிஞ்சி உப்பிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்லத் தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டு இறுகுகிறது என்பதே இதன் விளக்கம். கேக்கிலும் நடப்பது இதுதான். குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகை செல்சியஸ் அளவில் இந்த இறுக்கம் அறை வெப்பத்தில் இருப்பதைவிட வேகமாக நடக்கிறது. பச்சைக் கிரீம் வைத்த கேக்கைப் பெட்டிக்கு வெளியே வைக்கவும் முடியாது. அத்தகைய கேக்கில்தான் பாகின் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

வெறும் நீரைத் தெளித்தால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. நீர் மட்டும் பட்டால் துளைகளின் சுவர் ஊறிக் குழைந்துவிடும், சில மணி நேரத்தில் நீரும் ஆவியாகிப் போகும். சர்க்கரை கரைந்த நீர் அப்படி எளிதில் வெளியேறுவதில்லை. சர்க்கரை அதைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, மாவுச்சத்து மீண்டும் ஒழுங்குபட்டு இறுகுவதையும் தாமதப்படுத்துகிறது. அதாவது, பாகில் உள்ள நீர் அன்றைய மென்மைக்கு, சர்க்கரை அடுத்த நாட்களின் மென்மைக்கு.

பாகின் பதம்

நம் சமையலறையில் பாகு என்றதும் ஒரு கம்பி, இரண்டு கம்பிப் பதம்தான் நினைவுக்கு வரும். கேக்குக்கான பாகு கம்பிப் பதத்துக்கு வெகு முன்பே இறக்கப்படுவது. சர்க்கரையும் நீரும் எடைக்கு எடை சமமாக எடுத்து, கரையும் வரை கிளறி, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தொடர்ந்து கொதித்தால் நீர் குறைந்து பாகு கெட்டியாகும். கெட்டிப் பாகு துளைகளுக்குள் இறங்காது. 50 விழுக்காடு சர்க்கரை உள்ள பாகு, அறை வெப்பத்தில் நீரைவிடச் சுமார் 15 மடங்கு பிசுக்கு உள்ளது. 60 விழுக்காட்டில் அது 60 மடங்கை நெருங்குகிறது. இந்த 10 விழுக்காட்டு வேறுபாட்டால்தான் ஒரு பாகு சட்டென்று உள்ளே போகிறது, இன்னொன்று மேலேயே பளபளவென்று நிற்கிறது.

இனிப்பைக் குறைக்க விரும்புவோர் சர்க்கரைக்கு இரு மடங்கு நீர் வைப்பதுண்டு. அந்தப் பாகு ஆழமாக இறங்கும், சுவையும் இதமாக இருக்கும். ஆனால் நீரைப் பிடித்து வைக்கச் சர்க்கரை குறைவு என்பதால் கேக் சீக்கிரம் சொதசொதப்பாகும், பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் தீர்ந்துவிடும் கேக்குக்கு நீர்த்த பாகு, சில நாள் வைத்திருக்க வேண்டிய கேக்குக்குச் சம அளவுப் பாகு என்று வைத்துக்கொள்வது நல்லது. பாகுக்குப் பதில் பால் பூசுவதைப் பல நாள் நிற்கும் கேக்குக்குப் பரிந்துரைக்க முடியாது. நம் வெயிலில் பால் விரைவில் திரிந்துவிடும்.

வெனிலா எசன்ஸ், ரம், எலுமிச்சைச் சாறு போன்றவற்றைப் பாகு ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டில் மணம் பறந்துவிடும். காபியின் கசப்பு இனிப்பை ஈடுகட்டும் என்பதால் அது தனிச் சிறப்புடையது. பாரிஸின் ஓபெரா கேக்கில் பாதாம் மாவு சேர்த்த மெல்லிய ஸ்பாஞ்ச் ஏடுகள் காபிப் பாகில் நன்றாக ஊறுகின்றன. அந்தக் கேக்கின் ஈரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு கேக், படிப்படியாக

20 செ.மீ. வட்ட டின்னில் 4 முட்டை, 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா, 40 கிராம் வெண்ணெய் கொண்டு செய்த ஜெனுவாஸை எடுத்துக்கொள்வோம். வெந்து ஆறியபின் அது ஏறத்தாழ 430 கிராம் இருக்கும். பாகின் அளவு ஸ்பாஞ்சின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 150 கிராம். 80 கிராம் சர்க்கரை, 80 கிராம் நீர் வைத்தால் கொதியில் போனது போக இது கிடைத்துவிடும். இதனால் மாவில் இருந்த 120 கிராம் சர்க்கரையோடு இன்னும் 80 கிராம் சேர்கிறது. அதனால் நடுவே வைக்கும் கிரீமில் இனிப்பைக் குறைத்தே ஆக வேண்டும். இதை மறப்பதால்தான் பல பிறந்தநாள் கேக்குகள் இரண்டாவது வாயிலேயே திகட்டுகின்றன.

கேக்கை அன்றே அறுக்கக் கூடாது. ஆறியதும் உறையிட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். ரஷ்ய அடுமனைகளிலும் ஸ்பாஞ்சைப் பல மணி நேரம் நிற்க விட்ட பிறகே பாகு ஏற்றுவது வழக்கம். புதிதாக வெந்த ஸ்பாஞ்சின் சுவர்கள் மிக இளசானவை. பாகு பட்டதும் கூழாகி அமுங்கிவிடும். ஓர் இரவு நின்றால் மாவுச்சத்து சற்று இறுகி, ஈரத்தைத் தாங்கும் வலு வருகிறது. கேக்கைப் பாழாக்கும் அதே இறுக்கம் இந்த அளவில் துணை செய்கிறது.

மறுநாள் மேலே உள்ள பழுப்புத் தோலை மெல்லியதாகச் சீவி நீக்க வேண்டும். பாகு அந்தத் தோலைத் தாண்டி இறங்காது, ஈரம் பட்டதும் தோல் தனியே உரிந்து வரும். பிறகு பற்கள் உள்ள நீளக் கத்தியால் மூன்று அடுக்காக அறுக்கலாம்.

அடி அடுக்கை அட்டையோடு தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொண்டால் பூசும் அளவு கண்ணெதிரே தெரியும். கண்ணளவை நம்பிப் பூசும்போது முதல் அடுக்குக்கு அதிகமும் கடைசி அடுக்குக்குக் குறைவும் போவது வழக்கம். அடி அடுக்கு மற்றவற்றின் சுமையைத் தாங்க வேண்டியதால் அதற்கு 40 கிராம், நடு அடுக்குக்கு 60, மேல் அடுக்குக்கு 50 போதும். மேல் அடுக்கின் அறுத்த பக்கத்தில் பூசி, அந்தப் பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். பாகு அறை வெப்பத்தில் அல்லது லேசான வெதுவெதுப்பில் இருக்கலாம். கொதிக்கும் பாகு ஸ்பாஞ்சைக் குழைத்துவிடும்.

பிரஷ்ஷை இழுத்துத் தேய்த்தால் துகள்கள் பெயர்ந்து வரும். நனைத்த பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுப்பதே சரி. டின்னின் ஓரத்தில் பட்டு வெந்த விளிம்புதான் அதிகம் வறண்டது. எனவே விளிம்பிலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். பாதிப் பாகைப் பூசி, அது உள்ளே போக இரண்டு நிமிடம் விட்டு, மீதியைப் பூசினால் சீராக இறங்கும். கிரீம் வைத்து மூடிய பின் ஓர் இரவு நின்றால்தான் ஈரம் எல்லா இடத்துக்கும் பரவும். பாகு பூசிய கேக் செய்த அன்றைவிட மறுநாள் நன்றாக இருப்பதன் காரணம் இதுவே.

பிழைகளை அறிவது

வெட்டிய துண்டின் பக்கவாட்டைப் பார்த்தாலே நடந்தது தெரியும். நிறம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் பாகு சரியாகப் போயிருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் மேற்புறம் கருத்தும் உட்புறம் வெளிறியும் இருந்தால் பாகு கெட்டியாக இருந்திருக்கும், அல்லது தோலைச் சீவாமல் விட்டிருப்பார்கள். அடி அடுக்கின் கீழ்ப்பக்கம் மட்டும் அடர்ந்த ஈரப் பட்டையாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது. அட்டையில் பாகு கசிவதும், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதும் இதற்கு முன்னறிகுறிகள். கிரீம் வைப்பதற்கு முன்பே இது தெரிந்தால் அந்த அடுக்கை விலக்கிவிட்டு வேறொன்றை வைப்பதே வழி. பூசிய பாகைத் திரும்ப எடுக்க முடியாது. மாறாக, நுரை சரியாக எழும்பாமல் அழுந்திப்போன ஸ்பாஞ்சைப் பாகு காப்பாற்றாது. துளைகளே இல்லாத இடத்தில் அது தேங்கி, ரப்பர் போன்ற பட்டையைத்தான் உண்டாக்கும்.

தேன் கேக்

தமிழ்நாட்டு பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் தேன் கேக் இந்த முறையின் நேரடி உறவினர். சதுரமாக வெந்த ஸ்பாஞ்சில் தேன் கலந்த சர்க்கரைப் பாகை ஊற வைத்து, மேலே ஜாமைத் தடவித் தேங்காய்த் துருவலைத் தூவுகிறார்கள். ஜெனுவாஸைவிட இதில் பாகு தாராளம். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிட ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கிறது. கிரீம் இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியும் தேவைப்படுவதில்லை, அதனால் மாவுச்சத்து இறுகும் வேகமும் குறைகிறது. அலமாரியில் இருந்தும் மெத்தென்று இருக்கும் அந்தத் துண்டுக்குப் பின்னால் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எவ்வளவு நாள்

பாகு கேக்கைக் கெடாமல் காக்கும் பொருள் அல்ல. ஜாமில் சர்க்கரை 60 விழுக்காட்டைத் தாண்டுவதால் அது மாதக்கணக்கில் நிற்கிறது. பாகு பூசிய ஸ்பாஞ்சில் அந்தச் செறிவு இல்லை. பச்சைக் கிரீம் வைத்த கேக்கின் ஆயுளைக் கிரீம்தான் தீர்மானிக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பட்டர்கிரீம் வைத்தது இன்னும் ஓரிரு நாள் தாங்கும். வெட்டிய பக்கத்தின் வழியேதான் ஈரம் வேகமாகப் போகும் என்பதால், அந்தப் பக்கத்தை உறையால் ஒட்டி மூட வேண்டும். அதற்கும் மேல் வைக்க வேண்டுமானால் உறைநிலைப் பெட்டியே சரி. மைனஸ் 18 பாகையில் மாவுச்சத்தின் இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். உறையைப் பிரிக்காமலேயே உருக விட்டால், காற்றின் ஈரம் உறையின் மேல் படியுமே தவிர கேக்கின் மேல் படியாது.