தடுப்பூசி அட்டையில் இரண்டு கட்டம்: 'உரிய நாள்', 'போட்ட நாள்'

மக்களே, உங்க வீட்டு பீரோவில் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கும். அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த இழையைப் படிங்க. கொஞ்சம் நீளம்தான்.

அந்த அட்டையில் ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு நாள் உண்டு. ஒன்று, போட வேண்டிய நாள். இன்னொன்று, உண்மையில் போட்ட நாள். இந்த இரண்டும் ஏன் தனித்தனியாக வந்தன? எடைக்கு ஏன் அப்படி ஒரு 'உரிய நாள்' பல வீடுகளில் இல்லாமலே போகிறது? இதுதான் இன்றைய கதை.

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் அட்டை தேவைப்படவில்லை. அம்மை குத்தினால் கையில் தழும்பு விழும். அந்தத் தழும்புதான் பதிவேடு. யாருக்குப் போட்டாச்சு, யாருக்குப் போடலைன்னு சட்டையை மடக்கிப் பார்த்தாலே தெரிஞ்சிடும். ஆனால் அதில் தேதி கிடையாது. முதன்முறை குத்தும்போது ஒரு குத்து போதும் என்பதால் அன்றைக்கு அது பெரிய குறையாகவும் படவில்லை.

1978இல் இந்திய அரசு விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது நிலைமை மாறியது. முத்தடுப்பு ஊசி ஒன்றல்ல, மூன்று தவணை. அது தழும்பும் விடாது. இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இருந்தால்தான் உடம்பு அடுத்த தவணைக்கு ஒழுங்காக எதிர்வினை காட்டும். ஆக, 'போட்டாச்சு' என்ற டிக் போதாது. 'எப்போ போட்டீங்க' என்று தேதி தெரிய வேண்டும்.

1985இல் எல்லாருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்த பிறகு கிராம சுகாதார செவிலியர்கள் கைக்கு அழகான ஒரு ஏற்பாடு வந்தது. அட்டையின் ஒரு பாதி அம்மாவிடம், அடிக்கட்டை செவிலியரிடம். அடிக்கட்டைகளைப் போட்டு வைக்க, சுவரில் மாட்டும் துணிப்பை. அதில் மாதத்துக்கு ஒன்றாக 12 உறை. எல்லா ஊசியும் முடிந்த குழந்தைகளுக்கு ஓர் உறை, ஊரை விட்டுப் போனவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இன்னோர் உறை. ஆங்கிலத்தில் அதன் பெயர் டிக்ளர் பை. ஞாபகப்படுத்தும் பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்க. ஒரு குழந்தைக்கு அடுத்த ஊசி மார்ச்சில் என்றால் அடிக்கட்டை மார்ச் உறையில் இருக்கும். வந்து போட்டுக்கொண்டால் ஏப்ரல் உறைக்கு நகரும். மார்ச் முடிந்தும் மார்ச் உறையில் எத்தனை அட்டை மிச்சமோ, அத்தனை வீட்டுக்கு நடக்க வேண்டும். கணினி இல்லாத காலத்தில் 'வர வேண்டியவர்' பட்டியலும் 'வந்தவர்' பட்டியலும் இப்படித்தான் தானாகவே பிரிந்தன.

இந்தப் பைக்கு ஒரு பலவீனம் இருந்தது. நம்ம ஊர் வழக்கப்படி தலைப்பிரசவம் அம்மா வீட்டில். செய்யூரில் வாக்கப்பட்ட பெண், பிரசவத்துக்கு வேறு ஊர் போயிருப்பாள். அடிக்கட்டை அங்கே, குழந்தை மூன்றாம் மாதம் இங்கே. அங்கே 'வரவில்லை' என்று தேடுவார்கள். இங்கே அப்படி ஒரு குழந்தை இருப்பதே தெரியாது. பிக்மி எண், யூ-வின் பதிவு எல்லாம் இந்த ஓட்டையை அடைக்க வந்தவைதான். ஆனாலும் கையில் இருக்கும் அட்டைதான் குழந்தையோடு கூடவே ஊர் மாறும்.

சரி, இப்போ ஒரு கணக்கு போடுவோம். செய்யூரில் ஒரு பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைதான்). பிறந்தது 12.01.2024, வெள்ளிக்கிழமை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி 6, 10, 14 வாரங்களில். அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் ஊசி நாள் புதன்கிழமை.

| தவணை | பிறந்த நாளில் இருந்து கணக்கு | உரிய நாள் | போட்ட நாள் | எடை |
|---|---|---|---|---|
| பிறப்பு | 12.01.24 | 12.01.24 | 12.01.24 | 2.9 கிலோ |
| பென்டா 1 | 23.02.24 | 28.02.24 | 28.02.24 | 4.3 கிலோ |
| பென்டா 2 | 22.03.24 | 27.03.24 | 24.04.24 | 5.7 கிலோ |
| பென்டா 3 | 19.04.24 | 22.05.24 | 22.05.24 | 6.3 கிலோ |
| எம்.ஆர். 1 | 12.10.24 | 16.10.24 | 16.10.24 | 6.9 கிலோ |

முதல் ஊசிக்கு ஆறு வாரம் முடிவது வெள்ளி. முந்தின புதனே போடக் கூடாது, ஆறு வாரம் முடிந்திருக்க வேண்டும். அதனால் அடுத்த புதன், 28.02. இரண்டாவது அங்கிருந்து சரியாக நான்கு வாரம், 27.03.

அன்றைக்குக் குழந்தைக்குச் சளி. 'சளி போகட்டும்' என்று பாட்டி சொல்ல, ஊசி தள்ளிப்போனது. (லேசான சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.) போட்டது 24.04.

இப்போ மூன்றாவது வரியைப் பாருங்க. பிறந்த நாளில் இருந்து எண்ணினால் மூன்றாவது ஊசி 19.04 அன்றே முடிந்திருக்க வேண்டும். 'ஐயோ, அதுவும் தாண்டிடுச்சே' என்று அடுத்த வாரமே ஓடினால் தப்பு, இடைவெளி ஏழு நாள்தான் இருக்கும். 24.04இல் இருந்து 28 நாள் எண்ணணும். வருவது 22.05. 'தாமதமாயிடுச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?' என்றும் கேட்பார்கள். வேண்டாம். போட்ட தவணை வீணாகாது, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

அதாவது, முதல் ஊசியின் உரிய நாளைப் பிறந்த தேதி சொல்கிறது. அதற்கு அடுத்த தவணையின் உரிய நாளை, முந்தைய தவணை போட்ட நாளும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இதனால்தான் 'உரிய நாள்' கட்டத்தைப் பிறந்த அன்றே பேனாவால் மொத்தமாக நிரப்பக் கூடாது. பென்சிலால் எழுதுங்க. ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு அடுத்ததைத் திருத்துங்க.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மேலே உள்ள அட்டவணையைத் தடுப்பூசிக் கண்ணோடு பார்த்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு. ஒரு தாமதம், அதுவும் சரியாயிடுச்சு. எடைக் கட்டத்தை மட்டும் பாருங்க. 22.05 முதல் 16.10 வரை 21 வாரம். கூடிய எடை 600 கிராம். மே மாதம் சராசரிக்கு நெருக்கமாக இருந்த குழந்தை அதே பாதையில் போயிருந்தால் சுமார் ஒன்றரை கிலோ கூடியிருக்கணும்.

இன்னொரு வேடிக்கை, 6.9 கிலோ என்பது ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு அட்டையின் பச்சைப் பகுதிக்குள்தான் வரும். புள்ளியை மட்டும் பார்த்தவர் 'நார்மல்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். முந்தைய புள்ளியோடு கோடு போட்டவருக்குத்தான் சறுக்கல் தெரியும்.

இந்த 21 வாரம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? அந்த இடைவெளியில் உரிய ஊசியே இல்லை. 14 வாரத்துக்குப் பிறகு அட்டையில் அடுத்த ஊசி ஒன்பது மாதத்தில்தான். ஊசிக்குப் போகும்போது மட்டும் எடை பார்த்தால், எடைக்கும் அதே பள்ளம் விழுகிறது. ஆனால் ஆறாம் மாதத்தில்தான் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கணும். உப்பளத்துக்கோ வயலுக்கோ அம்மா திரும்ப வேலைக்குப் போவதும் பல வீடுகளில் அப்போதுதான். தண்ணியா கரைச்ச கஞ்சி, அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று எடை சறுக்கத் தொடங்கும் மாதங்களும் அவையே.

இதை அறுபது வருஷத்துக்கு முன்னாடியே புரிந்துகொண்ட ஒரு குழந்தை மருத்துவர் உண்டு. பெயர் டேவிட் மோர்லி, ஆங்கிலேயர். 1950களின் பிற்பகுதியில் மேற்கு நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் வேலை பார்த்தவர். அவர் உருவாக்கிய எடை அட்டையில் இரண்டு வளைகோடு, நடுவில் ஒரு பாதை. அதன் பெயரே 'ஆரோக்கியத்துக்கான பாதை'. நம்ம ஊர் அட்டையில் இருக்கும் வளைகோடுகள் அந்தப் பரம்பரைதான்.

எனக்குப் பிடித்தது அந்த வளைகோடு இல்லை, அடியில் இருந்த கட்டங்கள். மாதத்துக்கு ஒரு கட்டம். குழந்தை முதல்முறை வந்த அன்றே, பிறந்த மாதத்தை முதல் கட்டத்தில் எழுதி, வரப்போகும் எல்லா மாதங்களின் பெயரையும் எழுதிவிட வேண்டும். எடை பார்த்தால் அந்த மாதத்துக்கு மேல் ஒரு புள்ளி விழும். பார்க்காத மாதம் வெறுமையாக நிற்கும். 'உரிய நாள்' என்று தலைப்பு போடாமலேயே உரிய நாளைக் காட்டிய அட்டை அது. அதையும் ஆஸ்பத்திரி அலமாரியில் வைக்காமல் அம்மா கையிலேயே கொடுத்தார், நனையாமல் இருக்க ஒரு பாலித்தீன் உறையோடு.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். ரொம்ப மெலிந்த பிறகு உணவு கொடுப்பதோடு நிற்காமல், எடை போதுமான அளவு கூடாத குழந்தையையும் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டார்கள். தினமும் ஒரு சத்து லட்டு, முதலில் 90 நாள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். முடிவெடுக்க அவர்கள் நம்பியது தேதி போட்ட இரண்டு எடைகளை.

அப்போ நம்ம குழந்தைக்கு என்ன செய்திருக்கலாம்? எடைக்குத் தனி அட்டவணை. பிறந்த தேதியை வைத்து மாதம் ஒரு வரி, முன்கூட்டியே எழுதியது:

| எடை பார்க்க உரிய நாள் | பார்த்த நாள் | எடை |
|---|---|---|
| 12.05.24 | 22.05.24 | 6.3 |
| 12.06.24 | | |
| 12.07.24 | | |
| 12.08.24 | | |
| 12.09.24 | | |
| 12.10.24 | 16.10.24 | 6.9 |

நாலு வெற்று வரி. முதல் அட்டவணையில் இவை இருக்கவே இல்லை, அதனால் காணாமல் போனதும் தெரியவில்லை. ஊசியைப் போல இங்கே உரிய நாளைத் திருத்த வேண்டாம். போன மாதம் தவறினாலும் அடுத்த 12ஆம் தேதி அப்படியே நிற்கட்டும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பார்கள். அந்த எண் அவர்கள் பதிவேட்டோடு நிற்காமல் உங்க அட்டைக்கும் வரணும். கேட்டு எழுதி வாங்குங்க.

இரண்டு எச்சரிக்கை. ஒரே ஒரு குறைந்த எடையைப் பார்த்துப் பதறாதீங்க. தராசு பூஜ்ஜியத்தில் நின்றதா, ஸ்வெட்டரோடு நிறுத்தினார்களா, அந்த வாரம் வயிற்றுப்போக்கா என்று பாருங்க. அதே தராசில் சில நாளில் திரும்ப நிறுத்துங்க. அப்போதும் கூடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்க. உணவு, தொற்று, ரத்தசோகை எல்லாம் பார்க்கணும்.

இரண்டாவது, குறைமாதக் குழந்தை. ஊசியின் நாளைப் பிறந்த தேதியை வைத்தே எண்ணணும். வளைகோட்டில் எடையைக் குறிக்கும்போது மட்டும், எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதை வயதில் கழித்துக் குறிக்கணும். ஒரே குழந்தை, இரண்டு அட்டவணை, இரண்டு விதமான வயது.

இப்போ உங்க கையில் இருக்கும் அட்டையைத் திறங்க. 14 வாரத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் நடுவில் எத்தனை எடை எழுதியிருக்கு? எண்ணிக் கமெண்ட்டில் சொல்லுங்க. ஒன்றுமே இல்லை என்றாலும் சொல்லுங்க, நிறைய பேர் அட்டையில் அப்படித்தான் இருக்கும். குழந்தைக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்றால், இன்றைக்கே ஒரு பென்சில் எடுத்து அந்த மாதங்களின் தேதியை எழுதி வைங்க.