விலகியவரின் கணக்கு: ஸ்கிம் நெறிமுறையின் வரலாறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு மின்னஞ்சல் கணக்கு தயாராக இல்லையென்றால் முதல் நாள் காலையிலேயே அவர் கேட்டுவிடுவார். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடப்படாமல் கிடந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. கணக்குகளைத் தானாக உருவாக்கி நீக்கும் நெறிமுறைகளின் வரலாறு முழுவதிலும் இந்த வேறுபாடு இருந்துகொண்டே வந்திருக்கிறது. உருவாக்கும் பாதி எளிதில் தீர்ந்தது. நீக்கும் பாதிக்குத்தான் காலம் பிடித்தது. ஸ்கிம் நெறிமுறையின் பங்களிப்பை அந்த இரண்டாம் பாதியை வைத்தே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1993இல் வெளியான எல்டேப் நெறிமுறையும் 1997இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பும் நிறுவனத்துக்குள் பயனர் விவரங்களை ஒரே அடைவில் வைத்துக்கொள்ள வழி செய்தன. மென்பொருள்கள் எல்லாம் கடவுச்சொல்லை அந்த அடைவிடமே சரிபார்த்ததால், அங்கே ஒருவரின் பதிவை முடக்கினால் போதும், எந்த மென்பொருளுக்குள்ளும் அவர் புதிதாக நுழைய முடியாது. 2000க்குப் பிறகு விற்பனை, சம்பளம், ஆவணச் சேமிப்பு என ஒவ்வொன்றும் வெளியாரின் இணையச் சேவையாக மாறியபோது இந்த வசதி போய்விட்டது. ஒவ்வொரு சேவையும் தனக்கென ஒரு பயனர் பட்டியலை வைத்துக்கொண்டது. மனிதவளத் துறை அனுப்பும் மின்னஞ்சலைப் பார்த்து, ஒரு நிர்வாகி ஒவ்வொரு சேவையாகத் திறந்து பெயரைத் தேடி முடக்க வேண்டியதாயிற்று.

இதற்கு முதல் பொதுத் தீர்வை ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு முன்வைத்தது. எஸ்.பி.எம்.எல். என்ற அந்த நெறிமுறையின் முதல் பதிப்பு 2003இலும் இரண்டாம் பதிப்பு 2006இலும் வந்தன. சேர், மாற்று, நீக்கு என்ற செயல்களை அது தெளிவாக வரையறுத்தது. ஆனால் பயனர் என்றால் எந்தெந்தப் புலங்கள் என்பதை அது முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு சேவையும் தன் சொந்த அமைப்பை அறிவிக்கலாம் என்று விட்டதால், இணைப்பு ஒவ்வொன்றையும் தனியாகவே எழுத வேண்டியிருந்தது. கணக்கைத் தற்காலிகமாக முடக்கும் வசதியோ இரண்டாம் பதிப்பிலும் சேவைகள் விரும்பினால் மட்டும் தரக்கூடிய ஒன்றாகவே இருந்தது. அந்த நெறிமுறை பரவாமல் போனதற்கு எக்ஸ்.எம்.எல். சுமையை மட்டும் காரணம் சொல்வது போதாது என்றே கருதுகிறேன். பயனர் பதிவுக்கு ஒப்புக்கொண்ட வடிவம் இல்லாததே அடிப்படைக் குறை.

இடையில், 2005இல் வெளியான சாம்ல் 2.0 வழியாக வேறொரு வழக்கம் வேரூன்றியது. பயனர் முதன்முறை நுழையும்போது அவருடைய விவரங்களும் கூடவே வரும். சேவை அந்த நொடியிலேயே கணக்கைத் திறந்துவிடும். சேர்பவர்களுக்கு இது மிகப் பொருத்தமான முறை. விலகுபவர்களுக்கு இதில் வழியே கிடையாது. செய்தி நுழைவோடு சேர்ந்துதான் வருகிறது. விலகியவர் மறுபடி நுழையப் போவதில்லை. எனவே அவர் போய்விட்டார் என்பது அந்தச் சேவைக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 2011இல் சேவை நிறுவனங்களும் அடையாள மேலாண்மை நிறுவனங்களும் சேர்ந்து ஸ்கிமின் முதல் பதிப்பை வெளியிட்டன. பின்னர் ஐ.இ.டி.எஃப். அமைப்பு பணியை எடுத்துக்கொண்டு, 2015 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 7642, 7643, 7644 என்ற மூன்று ஆவணங்களாக இரண்டாம் பதிப்பைத் தந்தது. எஸ்.பி.எம்.எல். விட்ட இடத்தை இது பிடித்துக்கொண்டது. பயனர் பதிவின் புலங்கள் வரையறுக்கப்பட்டன. பணியாளர் எண், துறை, மேலாளர் போன்றவற்றுக்குத் தனி நீட்சி ஒன்றும் சேர்க்கப்பட்டது. முடக்குதல் தனிச் செயலாக இல்லாமல், `active` என்ற ஒரே ஒரு புலமாகப் பதிவுக்குள்ளேயே வந்து அமர்ந்தது.

நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பணியாளர் எண் 4471 கொண்ட ஒருவரின் கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமை. மனிதவள மென்பொருளில் அந்தத் தேதி பதிவாகிறது. அடையாள மேலாண்மைத் தளம் அதைப் படித்துத் தன்னிடமுள்ள கணக்கை முடக்குகிறது. (இந்த முதல் கட்டம் பல இடங்களில் ஸ்கிம் வழியாக நடப்பதில்லை, மனிதவள மென்பொருளின் சொந்த இடைமுகமே பயன்படுகிறது.) பிறகு அந்தத் தளம் ஒவ்வொரு சேவைக்கும் இப்படி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது:

```
PATCH /Users/2819c223
{
  "schemas": ["urn:ietf:params:scim:api:messages:2.0:PatchOp"],
  "Operations": [
    {"op": "replace", "path": "active", "value": false}
  ]
}
```

மைக்ரோசாஃப்ட் என்ட்ரா இந்தச் சுற்றைச் சுமார் 40 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓட்டுகிறது. ஆகவே "உடனடி நீக்கம்" என்று சொல்லும்போதும் இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒற்றைப் புலத்திலும் ஒரு குழி இருக்கிறது. என்ட்ரா பல ஆண்டுகளாக `false` என்ற பூலியன் மதிப்புக்குப் பதிலாக `"False"` என்று மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்பி வந்தது. பல நிரலாக்க மொழிகளில் காலியாக இல்லாத சரம் எதுவும் உண்மை என்றே கொள்ளப்படும். எனவே கவனமில்லாமல் எழுதப்பட்ட சேவை, முடக்கச் சொன்ன கோரிக்கையைப் பெற்றுக்கொண்டு கணக்கை உயிரோடு வைத்துவிட்டு, 200 என்ற வெற்றிக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும். அனுப்பிய பக்கத்தின் பதிவேட்டில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் இதற்கென `aadOptscim062020` என்ற அளவுருவைச் சேவையின் முகவரியில் இணைக்கும் வழியைத் தந்தது. எந்தத் தளமாக இருந்தாலும், அனுப்பியவரின் பதிவேட்டை நம்பி நிற்கக் கூடாது. அதே பயனரைச் சேவையிடம் GET கோரிக்கையால் கேட்டு, `active` என்னவாகத் திரும்புகிறது என்று பார்ப்பதே உறுதியான சோதனை.

முடக்குவதோடு நிற்பதா, நீக்கியே விடுவதா என்பதில் தளங்கள் வேறுபடுகின்றன. ஆர்.எஃப்.சி. 7644இன்படி DELETE கோரிக்கை வந்தால் சேவை 204 என்று பதில் தர வேண்டும். அதன்பின் அந்தப் பதிவைக் கேட்பவருக்கு 404தான் கிடைக்க வேண்டும். ஆனால் விலகியவர் எழுதிய ஆவணங்களுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வியால் சேவைகள் இதற்குத் தயங்குகின்றன. ஒக்டா பயனர்களுக்கு DELETE அனுப்புவதே இல்லை. `active` புலத்தை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறது. என்ட்ரா முதலில் முடக்கி, தன் அடைவிலிருந்து பதிவு நிரந்தரமாக நீங்கும்போது DELETE அனுப்புகிறது. நீக்கிய கணக்கு வழக்கமாக 30 நாள் மீட்கும் நிலையில் இருந்த பிறகே அந்த நிரந்தர நீக்கம் வரும்.

முடக்கி வைத்த பதிவு, 4471 ஓராண்டு கழித்துத் திரும்பிச் சேரும்போது பயன்படுகிறது. தளம் அவரைத் தேடிக் கண்டுபிடித்து `active` புலத்தை மீண்டும் `true` ஆக்கினால் போதும். தேடாமல் புதிய கணக்கு திறக்கப் போனால் 409 என்ற முரண்பாட்டுப் பிழை வரும். எதை வைத்துத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். `userName` பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரி. திருமணத்துக்குப் பிறகோ நிறுவனம் கைமாறும்போதோ அது மாறிவிடலாம். பணியாளர் எண்ணை `externalId` புலத்தில் வைத்துத் தேடினால் இரட்டைக் கணக்குகள் முளைப்பதில்லை. இதை ஒட்டி நம்மவர்களுக்கு நேரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். குடும்பப் பெயரைத் தர நிர்ணயம் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் சில சேவைகள் `familyName` இல்லாத பதிவை ஏற்பதில்லை. பெயருக்கு முன் தலைப்பெழுத்து மட்டும் உள்ள தமிழர்களின் கணக்கு அங்கே நின்றுவிடும். தலைப்பெழுத்தையே அந்தப் புலத்துக்கு அனுப்பும் விதியை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது.

கடைசியாக, ஸ்கிம் தொடாத பகுதி. வெள்ளிக்கிழமை மாலை 4471இன் உலாவியில் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு என்னவாகும்? `active` புலத்தின் துல்லியமான பொருளை ஆர்.எஃப்.சி. 7643 சேவையின் முடிவுக்கே விட்டிருக்கிறது. ஆகவே சில சேவைகள் அமர்வை உடனே முறிக்கும், சில அடுத்த நுழைவை மட்டும் தடுக்கும். அவர் தன் பெயரில் எடுத்து ஒரு நிரலுக்குள் வைத்த அணுகல் டோக்கனும், ஸ்கிம் இணைப்பு வருவதற்கு முன்பே கைமுறையாகத் திறக்கப்பட்டு எண்ணோடு பொருத்தப்படாத கணக்கும் இந்தக் கோரிக்கைக்குத் தப்பிவிடலாம். அமர்வு முறிக்கப்பட்டதை அறிவிக்க ஓப்பன்ஐடி அறக்கட்டளை சி.ஏ.இ.பி. என்ற தனி வரையறையைக் கொண்டுவந்திருக்கிறது. அது பரவும் வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு சேவையின் பயனர் பட்டியலையும் மனிதவளப் பட்டியலோடு ஒப்பிட்டு, எண் பொருந்தாத பதிவுகளை எடுத்துப் பார்க்கும் வேலை நிர்வாகியின் கையில்தான் இருக்கிறது.