நொதித்தல்: மாவு உப்புவதும் கள் புளிப்பதும்

காற்றின் துணையில்லாமல் சர்க்கரையைச் சிதைத்து, உயிர்வாழத் தேவையான ஆற்றலை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் முறைக்கு நொதித்தல் என்று பெயர். ரொட்டி மாவை உப்பவைப்பதும் கள்ளை நுரைக்கவைப்பதும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட். இது ஒற்றைச் செல் பூஞ்சை, காளானுக்கு உறவு. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. உடலின் ஓரத்தில் மொட்டுப்போல ஒன்று அரும்பும், பருக்கும், பிரிந்து தனி உயிராகும். இதமான சூடும் போதிய சர்க்கரையும் இருந்தால் இந்தப் பெருக்கத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

ரொட்டியும் கள்ளும் ஒரே உயிரின் வேலை என்பதற்குக் கோவா நல்ல சான்று. 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் கோதுமை ரொட்டி தின்று பழகியவர்கள். அங்கே ரொட்டி மாவைப் புளிக்கவைக்கத் தென்னங்கள் பயன்பட்டது. கொங்கணியில் ‘சூர்’ எனப்படும் அந்தக் கள்ளை ஊற்றி மாவு பிசைந்த ‘போதேர்’ என்னும் ரொட்டிக்காரர்களின் கைப்பக்குவம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. இன்று அவர்களில் பெரும்பாலோர் கடையில் விற்கும் ஈஸ்டுக்கு மாறிவிட்டார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்ப மாவில் கள் சேர்க்கும் வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை.

ஈஸ்ட் செய்யும் வேலையை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

C6H12O6 → 2 C2H5OH + 2 CO2

குளுக்கோஸின் ஒரு மூலக்கூறு உடைந்து இரண்டு மூலக்கூறு ஆல்கஹாலும் இரண்டு மூலக்கூறு கரியமில வாயுவும் ஆகிறது. எடைக்கணக்கில் 180 கிராம் சர்க்கரைக்கு 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. ஏறக்குறைய சரிபாதி. ஈஸ்டைப் பொறுத்தவரை இவை இரண்டுமே கழிவு. சர்க்கரை உடையும்போது கிடைக்கும் சிறிதளவு ஆற்றல்தான் அதற்கு வேண்டியது. காற்று கிடைக்கும் இடத்தில் அதே சர்க்கரையை முழுதாக எரித்துப் பல மடங்கு ஆற்றல் பெற அதற்குத் தெரியும். ஆனால் சர்க்கரை மிகுந்திருந்தால், காற்று இருந்தும் ஆல்கஹாலைத்தான் உண்டாக்குகிறது. ஆல்கஹால் ஏறிய நீரில் பல நுண்ணுயிர்களால் தாக்குப்பிடிக்க முடியாது, ஈஸ்டால் முடியும். போட்டியாளர்களை அப்புறப்படுத்த இது நல்ல வழி.

இந்த ஒரு வரிச் சமன்பாட்டை எட்ட மனிதர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. எகிப்தியர் புளித்த மாவில் ரொட்டி சுட்டார்கள். சங்கப் பாடல்களில் கள்ளும் தேறலும் நிறைந்திருக்கின்றன. ஆனால் பானைக்குள் என்ன நடக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. 1680இல் நெதர்லாந்தின் ஆன்டனி வான் லேவன்ஹுக், தாமே செய்த உருப்பெருக்கியில் பீர் துளியை வைத்துப் பார்த்தபோது சிறு உருண்டைகளைக் கண்டார். அவற்றுக்கு உயிர் இருக்கும் என்று அவர் எண்ணவில்லை. 1789இல் பிரான்சின் லவாய்சியர் சர்க்கரையை எடைபோட்டு, நொதிக்கவிட்டு, விளைந்தவற்றையும் எடைபோட்டு, சர்க்கரைதான் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது என்று காட்டினார். பிரிப்பது எது என்ற கேள்வி அப்படியே நின்றது.

1837இல் மூன்று பேர், ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலே, ஒரே விடைக்கு வந்தார்கள். பிரான்சில் கான்யார் த லா தூர், ஜெர்மனியில் தியோடர் ஷ்வான், ஃப்ரீட்ரிக் கூட்சிங். ஈஸ்ட் உயிருள்ளது, மொட்டு விட்டுப் பெருகுகிறது, நொதித்தல் அதன் செயல் என்றார்கள். அக்காலத்தின் பெரும் வேதியியலாளர் லீபிக் இதை ஏற்கவில்லை. நொதித்தல் வெறும் வேதிமாற்றம், அழுகும் பொருளின் அதிர்வு சர்க்கரையையும் உடைக்கிறது என்பது அவர் கட்சி.

இந்த வழக்கில் திருப்பம் ஒரு சாராய ஆலையில் வந்தது. 1856இல் லூயி பாஸ்டர் லீல் நகரில் பேராசிரியராக இருந்தார். அவ்வூரில் பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுத்த பிகோ என்பவரின் ஆலையில் சில தொட்டிகள் காரணம் தெரியாமல் புளித்துப்போயின. அவருடைய மகன் பாஸ்டரின் மாணவர். உதவி கேட்டு வந்தார்கள். பாஸ்டர் தொட்டிக்குத் தொட்டி சாறு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நல்ல தொட்டிகளில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்டவற்றில் நீண்ட வேறு உருக்கள். அடுத்த ஆண்டே, பாலைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் தனி நுண்ணுயிர் உண்டு என்று எழுதினார். ஒவ்வொரு நொதித்தலுக்கும் அதற்குரிய உயிர் இருக்கிறது. தொட்டி கெட்டது என்றால் வேண்டாத உயிர் நுழைந்துவிட்டது என்று பொருள். கள் ஏன் புளிக்கிறது என்பதற்கான விடையும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

லீபிக் பக்கத்திலும் ஓரளவு உண்மை இருந்தது பிறகுதான் தெரிந்தது. 1897இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, உயிருள்ள செல் எதுவும் இல்லாத சாற்றை எடுத்தார். அது கெடாமலிருக்கச் சர்க்கரை சேர்த்தபோது சாறு குமிழிவிட்டது. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் வெளியே வந்தும் வேலை செய்தன. உயிர் நொதிகளை உண்டாக்குகிறது, நொதிகள் சர்க்கரையை உடைக்கின்றன. இதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி மாவுக்கு வருவோம். அரைக் கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, கொஞ்சம் ஈஸ்ட். பிசைந்து உருட்டினால் சுமார் 700 மில்லி கொள்ளளவுள்ள உருண்டை. அது இரு மடங்காக இன்னொரு 700 மில்லி வாயு வேண்டும். ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து, 30 டிகிரி சூட்டில், ஏறக்குறைய 275 மில்லி கரியமில வாயு வரும். ஆக, இரண்டரை கிராம் போதும். ஒரு தேக்கரண்டி கூட இல்லை. வாயு சிறிது கசிந்து போனாலும் இதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. சர்க்கரை சேர்க்காத மாவும் உப்புவது இதனால்தான். மாவு நனைந்ததும் அதிலுள்ள அமைலேஸ் நொதிகள் ஸ்டார்ச்சை உடைத்து மால்டோஸ் சர்க்கரையை விடுகின்றன. ஈஸ்டுக்கு அந்தத் தீனியே போதும்.

வாயு உண்டானால் மட்டும் மாவு உப்பாது. அது உள்ளே நிற்க வேண்டும். கோதுமைப் புரதங்கள் தண்ணீரில் ஊறிப் பிசையும்போது குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. வாயு தள்ளத் தள்ள அது அறுபடாமல் விரிகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஈஸ்ட் புதுக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. கரியமில வாயு முதலில் மாவின் ஈரத்தில் கரைகிறது. பிறகு, பிசையும்போது மாவுக்குள் சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகளைத் தேடிப்போய் அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. சரியாகப் பிசையாத மாவில் குமிழிகள் குறைவு, ரொட்டியும் கரடுமுரடாக வரும். அடுப்பில் வைத்ததும் சூட்டில் வாயு விரிந்து ரொட்டி ஒரே மூச்சில் மேலே எழும். உட்புறச் சூடு 60 டிகிரியை எட்டுவதற்குள் ஈஸ்ட் செத்துவிடும். மாவில் உண்டான ஆல்கஹாலில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும்.

அரிசியில் குளூட்டன் கிடையாது. ஆகவே ஆப்ப மாவில் வேறு உபாயம். அரிசி மாவில் ஒரு பங்கைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்ப்பார்கள், அல்லது சோறு போட்டு அரைப்பார்கள். அந்தக் கூழின் கெட்டித்தன்மை கள்ளின் வாயுவைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். இட்லி மாவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை உப்பவைப்பதில் முதல் பங்கு லூக்கனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுக்கு. ஈஸ்ட் அங்கே துணைதான்.

கள்ளில் இதே வேதிமாற்றம் வேறு அளவில் நடக்கிறது. பனையிலோ தென்னையிலோ பாளையைச் சீவி, கலயம் கட்டி, காலையும் மாலையும் மீண்டும் சீவுகிறார்கள். மரத்துக்குள் இருக்கும்வரை சாறு தூய்மையானது. வெட்டுவாயைத் தொட்டதும் காற்று, பூச்சி, கலயத்தின் நுண்துளைகள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கின்றன. முந்தைய நாள் கள்ளின் மிச்சம் ஒட்டிய கலயத்தில் நொதித்தல் இன்னும் வேகமாகத் தொடங்கும். இறக்கும்போதே அது கள்தான்.

ஒரு லிட்டர் சாற்றில் 120 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். முழுவதும் நொதித்தால் சுமார் 65 கிராம் ஆல்கஹால், அதாவது கொள்ளளவில் 8 சதவீதம். கூடவே ஏறக்குறைய 35 லிட்டர் கரியமில வாயு. இறுக்கி மூடிய பாட்டிலில் புதுக்கள் வெடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நடைமுறையில் கள்ளில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதம்தான். மீதிச் சர்க்கரையில் ஒரு பங்கை லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. முதல் சில மணி நேரத்தில் நாக்கில் படும் இளம் புளிப்பு அவற்றினுடையது.

கடும்புளிப்பு அடுத்த நாள் வருவது. அதற்குக் காரணம் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா. அதன் தீனி சர்க்கரையைவிட ஆல்கஹால்தான். காற்றில்லாமல் அது வாழாது.

C2H5OH + O2 → CH3COOH + H2O

ஈஸ்ட் உண்டாக்கிய ஆல்கஹால் காற்றோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாகிறது. கண்டுபிடிப்பதும் எளிது: நுரை அடங்கும், கள்ளின் மேல் மெல்லிய ஏடு படரும், மூக்கை அரிக்கும் நெடி எழும். ஆகவே, கள்ளைக் கடுக்கவைப்பது ஈஸ்ட் என்று சொல்வது தவறு. ஈஸ்ட் ஆல்கஹாலைத் தருகிறது, பின்னால் வருபவை புளிப்பைத் தருகின்றன.

இந்த வரிசை முழுவதையும் தொடக்கத்திலேயே தடுக்கப் பனையேறிகள் கண்ட வழி சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடைகிறது. ஈஸ்டும் பாக்டீரியாவும் முடங்குகின்றன. அதுதான் பதநீர். சுண்ணாம்புக்கு இன்னொரு பயனும் உண்டு. புளித்த சாற்றில் கரும்புச் சர்க்கரை வகையான சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும்; எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது. சுண்ணாம்புச் சாற்றில் சுக்ரோஸ் உடையாமல் நிற்கிறது.

புளித்த கள்ளையும் வீணாக்குவதில்லை. இலங்கையில் தென்னங்கள்ளை வாரக்கணக்கில் காற்றுப்பட வைத்து வினாகிரி எடுக்கிறார்கள். 5 சதவீத ஆல்கஹால் உள்ள கள்ளிலிருந்து, இழப்பு போக, சுமார் 4 சதவீத அமிலம் எதிர்பார்க்கலாம். ஆல்கஹால் தீர்ந்ததும் வினாகிரியைப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட வேண்டும். திறந்தே கிடந்தால் அதே அசிட்டோபாக்டர் அமிலத்தையும் எரித்துத் தண்ணீரும் கரியமில வாயுவுமாக்கி, வினாகிரியை நீர்க்கவைத்துவிடும்.