ஒரு சதுர்த்தி, மூன்று தேதிகள்: தமிழ் நாட்காட்டிச் செயலிகளின் துல்லியமும் திரை நெரிசலும்

தமிழ் நாட்காட்டிச் செயலிகளை ஒப்பிடுவோர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்பது வழக்கம். விரத நாளும் பண்டிகைத் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்பது ஒன்று. திரையில் விளம்பரமும் வேண்டாத பகுதிகளும் எவ்வளவு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு செயலி காட்டும் நாள் சரியா என்று பார்ப்பதற்கு மூன்று விவரங்கள் வேண்டும்: கணக்கு எந்த முறையைச் சேர்ந்தது, எந்த ஊருக்குப் போட்டது, திதி எத்தனை மணிக்கு முடிகிறது. திரையில் இடம் நெருக்கும்போது முதலில் காணாமற்போவது இம்மூன்றும்தான்.

இன்றைய செயலிகளின் திரை அமைப்பு அச்சுப் பஞ்சாங்கத்திலிருந்து வந்ததன்று. நாள்தோறும் கிழிக்கும் தினசரி காலண்டர் தாளிலிருந்து வந்தது. பெரிய எழுத்தில் தேதி, அதைச் சுற்றி நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்ற ஒழுங்கு அந்தத் தாளுக்கு உரியது. உள்ளே இருக்கும் தரவோ இரண்டு வழிகளில் வருகிறது. சில செயலிகள் ஆண்டு தொடங்குமுன் ஏதேனும் ஒரு பஞ்சாங்கத்தைப் பார்த்து எல்லா நாட்களையும் தட்டச்சு செய்து வைத்துக்கொள்கின்றன. வேறு சில, கைப்பேசியிலேயே சூரிய சந்திர நிலைகளைக் கணக்கிடுகின்றன. சூரிக்கைச் சேர்ந்த ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் வெளியிட்டுள்ள ஸ்விஸ் எஃபெமெரிஸ் போன்ற மென்பொருள் தொகுப்புகள் இதற்கு உதவுகின்றன. அவை நாசாவின் கோள்நிலை அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு விரத நாளைக் குறிக்கத் தேவையான துல்லியத்தைவிடப் பன்மடங்கு துல்லியம் உடையவை.

இதனால் இரண்டாம் வகையே உயர்ந்தது என்று முடிவு கட்டுவது அவசரம். தட்டச்சு செய்த செயலியில் எழுத்துப் பிழை வரலாம். ஊருக்கு ஊர் நேரம் மாறாது. ஆனால் எந்த நாளில் எந்த விரதம் என்று ஒரு பஞ்சாங்கக்காரர் பரம்பரை விதிகளை எடைபோட்டு எடுத்த முடிவு அதற்குள் இருக்கிறது. கணக்கிடும் செயலியில் சந்திரன் இம்மியும் பிசகுவதில்லை. பண்டிகை விதி மட்டும் நிரலர் எழுதியது. அங்கேதான் பிழை நுழைகிறது.

முதலில் முறை. வாக்கியப் பஞ்சாங்கம், வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களைக் கொண்டு சந்திரனின் இடத்தைக் காண்கிறது. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதற்கு அது ஒரு முக்கியத் திருத்தத்தை மட்டுமே செய்கிறது. சூரியனின் ஈர்ப்பால் நேரும் மற்றத் திருத்தங்களைத் திருக்கணிதம் சேர்த்துக்கொள்கிறது. அமாவாசை, பௌர்ணமி அருகே இவ்விடுபட்ட திருத்தங்களின் பாதிப்பு சிறியது. அட்டமியை நெருங்க நெருங்க வளர்ந்து, சில மாதங்களில் திதி முடியும் நேரத்தில் சுமார் ஐந்து மணி வேறுபாட்டை உண்டாக்கும். ஆகவே அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் பெரும்பாலான செயலிகள் ஒத்துப்போவதைக் கண்டு அவை எல்லாமே சரி என்று நம்பிவிடக் கூடாது. ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியவை ஏகாதசியும் கோகுலாஷ்டமியும்தாம்.

எந்த முறை என்று செயலி சொல்லாவிட்டால் பயனரே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வாக்கியக் கணக்கில் ஒரு திதியின் நீளம் 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மிகாது. அதாவது ஏறத்தாழ 21 மணி 36 நிமிடத்திலிருந்து 26 மணி வரை. திருக்கணிதத்தில் அது ஏறத்தாழ 50 நாழிகை வரை சுருங்கும், 67 நாழிகை வரை நீளும். 20 மணிக்கும் 26 மணி 48 நிமிடத்துக்கும் இடைப்பட்டது. செயலியில் அடுத்தடுத்த திதிகளின் முடிவு நேரங்களை எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். சில மாதங்களைப் புரட்டுவதற்குள் 21 மணி நேரத்துக்கும் குறைவான ஒரு திதி அகப்பட்டால் அது வாக்கியமாக இருக்க வழியில்லை. ஒரே செயலியில் திதி ஒரு முறைப்படியும் பண்டிகை வேறொரு முறைப்படியும் இருப்பதும் இவ்வாறே பிடிபடும். முடிவு நேரத்தையே காட்டாத செயலியில் இந்தச் சோதனைக்கு வழி கிடையாது. அதையே அச்செயலியின் முதற்குறை என்பேன்.

முறை மாறினால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதைச் சனிப்பெயர்ச்சி காட்டுகிறது. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குள் சென்றது 2025 மார்ச் 29. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், அன்று சனிப்பெயர்ச்சி விழா இல்லை என்று அறிவித்தது. வாக்கியப்படி அது 2026 மார்ச் 6. முறையின் பெயரைச் சொல்லாமல் "இன்று சனிப்பெயர்ச்சி" என்று அறிவிப்பு அனுப்பும் செயலி, திருநள்ளாற்றுக்குப் புறப்படுபவரை ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே அனுப்பிவிடும்.

முறை ஒன்றாகவே இருந்தாலும் நாள் மாறலாம் என்பதற்கு 2023ஆம் ஆண்டு விநாயகர் சதுர்த்தி நல்ல சான்று. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலில் முதலில் செப்டம்பர் 17 என்று இருந்தது. பின்னர் 18க்கு மாற்றப்பட்டது. கர்நாடகத்தின் பல பகுதிகளிலும் 18ஆம் தேதியே கொண்டாடினார்கள். மகாராஷ்டிரத்தில் 19. அரசின் பழைய பட்டியலைத் தட்டச்சு செய்துவிட்டுத் திருத்தாமல் விட்ட செயலி 17ஐக் காட்டும். மும்பைக்கும் தில்லிக்கும் எழுதிய விதியை அப்படியே சென்னைக்கும் போட்ட செயலி 19ஐக் காட்டும்.

திருக்கணிதப்படி சதுர்த்தி 18ஆம் தேதி பகல் 12.39க்குத் தொடங்கி 19ஆம் தேதி பகல் 1.43க்கு முடிந்தது. விநாயகர் பூஜைக்கு நடுப்பகலில் சதுர்த்தி இருக்க வேண்டும். பகற்பொழுதை ஐந்து பங்காக்கினால் மூன்றாவது பங்கு நடுப்பகல். சென்னையில் அந்நாட்களில் சூரிய உதயம் ஏறத்தாழ 5.58, மறைவு 6.08. ஒரு பங்கு 2 மணி 26 நிமிடம் ஆகிறது, நடுப்பகல் 10.50 முதல் 1.16 வரை. 18ஆம் தேதி அதன் கடைசி 37 நிமிடங்களில் மட்டும் சதுர்த்தி இருந்தது. 19ஆம் தேதி நடுப்பகல் முழுவதும் இருந்தது. இரண்டு நாளும் நடுப்பகலைத் தொட்டால் திரிதியையோடு கூடிய முன்நாளையே கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. எந்த நாளில் அதிகம் நிறைந்திருக்கிறதோ அதைக் கொள்ள வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் தர்மசாஸ்திர மரபில் இடமுண்டு. ஆகவே 18, 19 இரண்டில் ஒன்றைக் கணக்குப் பிழை என்று சொல்ல முடியாது. 17 மட்டுமே பிழை. அன்றைய நடுப்பகலில் சதுர்த்தி தொடங்கவே இல்லை.

இந்த வழக்கில் திரை நெரிசலின் தீங்கு தெளிவாகிறது. திதியைக் குறிக்கும் வழக்கம், சூரிய உதயத்தின்போது எது இருக்கிறதோ அதைச் சொல்வது. 18ஆம் தேதி உதயத்தில் திரிதியை. முடிவு நேரத்தை விட்டுவிட்டு "திரிதியை" என்று மட்டும் போட்டு, கீழே "விநாயகர் சதுர்த்தி" என்று எழுதிய திரை தனக்குத்தானே முரண்பட்டு நிற்கும். "திரிதியை பகல் 12.39 வரை, பின்பு சதுர்த்தி" என்ற வரி இருந்திருந்தால் எவருக்கும் குழப்பம் வந்திராது. பெரும்பாலும் அவ்வரி இருக்க வேண்டிய இடத்தில் விளம்பரப் பட்டையோ, ராசிபலன் பொத்தானோ, குழந்தைப் பெயர்கள், சமையல் குறிப்புகள் பகுதிகளுக்கான இணைப்போ இருக்கிறது.

இதே சதுர்த்தியை லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பம் பார்த்திருந்தால் அங்கே வழக்கே இல்லை. அவர்கள் நேரப்படி சதுர்த்தி 18ஆம் தேதி காலை 8.09க்குத் தொடங்கி மறுநாள் காலை 9.13க்கு முடிந்தது. அவ்வூர் நடுப்பகல் சுமார் 11.40 முதல் 2.09 வரை. 18ஆம் தேதி நடுப்பகல் முழுவதும் சதுர்த்தி. 19ஆம் தேதி துளியும் இல்லை. ஊரைக் கேட்காத செயலி இந்திய நேரத்தையே அவர்களுக்கும் காட்டி, இல்லாத ஐயத்தை அங்கே ஏற்றுமதி செய்கிறது.

நல்ல நேரமும் ராகு காலமும் இன்னும் கூடுதலாக ஊரைச் சார்ந்தவை. உதயத்திலிருந்து மறைவு வரை எட்டுப் பங்கு. வெள்ளிக்கிழமைக்கு நான்காவது பங்கு ராகு காலம். உதயம் 6, மறைவு 6 என்று கொண்டதால்தான் அது 10.30 முதல் 12 வரை என்று மனப்பாடமாகிவிட்டது. உண்மையான உதயத்தை வைத்துக் கணக்கிட்டால் சென்னையில் ஜனவரி நடுவில் ஏறத்தாழ 10.51 முதல் 12.17 வரை வரும். லண்டனில் ஜூன் பிற்பகுதியில் 10.57க்குத் தொடங்கி 1.02 வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பர் பிற்பகுதியில் 11 முதல் 11.58 வரை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். கடிகாரப்படி நிலையான நேரத்தையே கடைப்பிடிக்கும் வீடுகள் தமிழகத்தில் ஏராளம். அந்த வழக்கத்தைத் தவறென்று சொல்லும் உரிமை நிரலருக்கு இல்லை. ஆனால் காட்டுவது நிலையான நேரமா, உதயத்தை ஒட்டியதா என்பதைச் செயலி சொல்லியாக வேண்டும்.

கணக்கிடும் செயலிகளில் வேறொரு நெரிசல் உண்டு. விளம்பரத்தைப் பார்த்துச் சலிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அபிஜித், துர்முகூர்த்தம், வர்ஜ்யம், சௌகடியா என்று தமிழ் வீடுகளில் அதிகம் புழங்காத அட்டவணைகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். கௌரி நல்ல நேரத்தைத் தேடுபவர் அதைக் கண்டெடுப்பதற்குள் பக்கத்தைப் பலமுறை தள்ள வேண்டும். இத்திரைகள் நேர்மையானவை; முறையும் ஊரும் எழுதியிருக்கும். ஆயினும் பயன்படுத்துபவர் யார் என்று எண்ணிப் பார்க்காமல் பிற பகுதிகளின் அட்டவணைகளை மொழிபெயர்த்து வைத்தவை.

செய்ய வேண்டிய மாற்றம் பெரிதன்று. ஒவ்வொரு விரதத்தின் கீழும் அந்த நாளைத் தேர்ந்த காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். பிரதோஷத்துக்கு மாலைச் சூரிய மறைவையொட்டித் திரயோதசி இருப்பதையும், சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரோதயத்தில் சதுர்த்தி இருப்பதையும், அந்த நேரங்களோடு காட்டலாம். ஏகாதசிக்குச் சில மாதங்களில் இரண்டு தேதிகள் வரும். உதயத்துக்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்பு தசமி இன்னும் மீந்திருந்தால் வைணவர்கள் மறுநாள் விரதமிருப்பார்கள். ஸ்மார்த்தர்கள் முதல் நாளே இருப்பதுண்டு. அத்தகைய மாதங்களில் ஒரே தேதியைப் போட்டு மற்றதை மறைக்கும் செயலி யாரோ ஒருவருடைய மரபை அவருக்குத் தெரியாமலே நீக்கிவிடுகிறது. இரண்டு தேதிகளையும் காட்டி, தசமி முடியும் நேரத்தையும் அருகில் எழுத வேண்டும். அதற்குத் தேவைப்படும் இடம் ஒரு விளம்பரப் பட்டையின் அகலமே.